செயற்றிட்டச் செய்துகாட்டல்: அடையாள அட்டை இலக்கம் என்னும் ஒரு புலத்தை வைத்துக் கேட்கப்படும் வினாக்கள்

குழுச் செயற்றிட்டத்தின் செய்துகாட்டலில் பரீட்சகர் முறைமை முழுவதையும் பார்ப்பதில்லை. அதற்கு நேரம் இருப்பதில்லை. அனுபவமுள்ள பரீட்சகர் திரையிலுள்ள ஒரு புலத்தைத் தெரிவு செய்து, அதிலிருந்து மூன்று பக்கமாக வினாக்களைத் தொடுப்பார். இப்புலம் ஏன் இங்கே உள்ளது என்பது தேவைகள் பற்றிய வினா. இது சரியாக வேலை செய்கிறதென எவ்வாறு அறிந்தீர் என்பது சோதித்தல் பற்றிய வினா. நாளை இது மாறினால் என்ன செய்வீர் என்பது பேணல் பற்றிய வினா. இப்பாடத்தில் ஒரே ஒரு புலத்தை எடுத்து, அம்மூன்று வகை வினாக்களையும் விடைகளுடன் ஆராய்வோம். எடுத்துக்கொண்ட புலம் தேசிய அடையாள அட்டை இலக்கம். இலங்கையில் மாணவர் உருவாக்கும் பதிவு முறைமைகளில் பெரும்பாலும் இடம்பெறுவது இதுவே; அதிகம் தவறு நேர்வதும் இதிலேயே.

எடுத்துக்கொண்ட செயற்றிட்டம்

நான்கு மாணவர் கொண்ட ஒரு குழு, பிரதேச விளையாட்டு விழாவுக்கான பதிவு முறைமையை உருவாக்கியதாகக் கொள்க. வாடிக்கையாளர் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர். போட்டியாளரின் அடையாள அட்டை இலக்கத்தை உள்ளிட்டதும், முறைமை அவருடைய பிறந்த திகதியைக் கணித்து, அவரை 20 வயதுக்குட்பட்டோர், திறந்த பிரிவு, 40 வயதுக்கு மேற்பட்டோர் ஆகிய மூன்றில் ஒன்றில் சேர்க்கும். 2006.01.01 இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களே 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் போட்டியிடலாம். ஒருவர் மூன்று நிகழ்ச்சிகளுக்கு மேல் பதிவு செய்ய முடியாது. இவை உத்தியோகத்தர் கூறிய விதிகள்.

வினா 1: "இலக்கம் செல்லுபடியானதாக இருத்தல் வேண்டும்" என உமது தேவைகள் ஆவணத்தில் எழுதியுள்ளீர். இதன் பொருள் என்ன?

இவ்வினாவுக்குப் பல குழுக்கள் "பத்து எழுத்துகள் இருக்க வேண்டும்" என்று விடையளிக்கின்றன. பரீட்சகர் எதிர்பார்த்திருக்கும் விடையும் இதுவே. ஏனெனில் அடுத்த வினாவை அவர் ஏற்கெனவே ஆயத்தமாக வைத்திருப்பார். இன்று பாவனையில் இரண்டு வகை இலக்கங்கள் உள்ளன. பழையது ஒன்பது இலக்கங்களும் இறுதியில் V அல்லது X என்னும் எழுத்தும் கொண்டது. 2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுவது எழுத்து எதுவும் இல்லாத பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டது. எமது விழாவில் 20 வயதுக்குட்பட்ட எவரிடமும் பழைய இலக்கம் இராது. 40 வயதுக்கு மேற்பட்டோரில் பலரிடம் பழையதே இருக்கும். பத்து எழுத்துகளை மட்டும் ஏற்கும் முறைமை, விழாவின் இளையோர் பிரிவு முழுவதையும் வாயிலில் நிறுத்திவிடும்.

"செல்லுபடியான" என்னும் சொல் தேவைகள் ஆவணத்தில் வரும்போது அதன் அருகே ஒரு கேள்விக்குறி இட்டுக்கொள்ளுங்கள். அது தேவை அன்று. தேவையை இன்னும் கேட்டறியவில்லை என்பதற்கான அடையாளம். "விரைவான", "இலகுவான", "பாதுகாப்பான" என்பனவும் அதே இனத்தைச் சேர்ந்தவை. ஒரு தேவையை வாசித்தவுடன் அதற்கான சோதனை ஒன்றை எழுத முடியுமாயின் அது தேவை. முடியாவிடின் அது வெறும் விருப்பம்.

அத்தேவையைத் திருத்தி எழுதினால் பின்வருமாறு அமையும்:

"முறைமை இரு வடிவங்களை ஏற்க வேண்டும். (அ) ஒன்பது இலக்கங்களும் அவற்றைத் தொடர்ந்து V அல்லது X உம். சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யப்பட்டாலும் ஏற்க வேண்டும். (ஆ) பன்னிரண்டு இலக்கங்கள். இரண்டிலும் நாள் எண்ணிலிருந்து உண்மையான ஒரு திகதி பெறப்பட வேண்டும். பெறப்படாவிடின் இலக்கத்தைச் சேமிக்காது, எப்பகுதி பிழை என்பதைக் காட்ட வேண்டும்."

இதில் "நாள் எண்" என்பது என்ன என்று பரீட்சகர் இடைமறிப்பார். இதைக் குழுவின் நால்வரும் அறிந்திருக்க வேண்டும். செய்நிரல் எழுதியவர் மட்டும் அறிந்திருத்தல் போதாது.

இலக்கத்தின் அமைப்பு

பழைய இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்களாகும். அடுத்த மூன்றும் நாள் எண். ஜனவரி 1 ஆம் திகதியை 001 எனக் கொண்டு, பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதை இது குறிக்கும். பெண்களுக்கு இவ்வெண்ணுடன் 500 கூட்டப்படும். அதன் பின் மூன்று இலக்கத் தொடரிலக்கமும், ஓர் இலக்கச் சரிபார்ப்பு எண்ணும், எழுத்தும் வரும். புதிய இலக்கத்தில் ஆண்டு நான்கு இலக்கங்களிலும் தொடரிலக்கம் நான்கு இலக்கங்களிலும் எழுதப்படும். நாள் எண்ணும் 500 கூட்டும் முறையும் மாறவில்லை.

உதாரணமாக 931720000V என்னும் இலக்கத்தை எடுப்போம். ஆண்டு 1993, நாள் எண் 172. எனவே ஆண். பெண்ணாயின் 672 என இருக்கும். தொடரிலக்கம் 000 என வேண்டுமென்றே இடப்பட்டுள்ளது. செய்துகாட்டலுக்கும் சோதனைக்கும் அயலவரின் அடையாள அட்டை இலக்கத்தைப் பயன்படுத்துவது முறையன்று. அவ்விலக்கத்தைக் காண்பவர் எவரும் அவருடைய பிறந்த திகதியையும் பாலையும் அறிந்துகொள்வர். "இந்தச் சோதனைத் தரவு எவருடையது?" எனப் பரீட்சகர் கேட்பதும் உண்டு.

இனி 172 ஆவது நாள் எது? இங்கேதான் பொறி உள்ளது. நாள் எண்ணைக் கணிக்கும்போது எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரி மாதத்துக்கு 29 நாட்கள் எனக் கொள்ளப்படுகிறது. அந்த ஆண்டு நெட்டாண்டா அல்லவா என்பது கவனிக்கப்படுவதில்லை. எனவே பெப்ரவரி 28 எப்போதும் 059, மார்ச் 1 எப்போதும் 061, டிசம்பர் 31 எப்போதும் 366 ஆகும். 060 என்பது பெப்ரவரி 29 க்கு மட்டும் உரியது. இம்முறையில் மே 31 வரை 152 நாட்கள். 172 இலிருந்து 152 ஐக் கழிக்க 20 வரும். ஆகவே 1993.06.20.

வினா 2: பிறந்த திகதி சரியாகக் கணிக்கப்படுகிறதென எவ்வாறு நிரூபிப்பீர்?

குழு எழுதியிருந்த கூற்று பின்வருமாறு:

```python
d = date(year, 1, 1) + timedelta(days=n - 1)
```

பார்வைக்குச் சரியானது. ஜனவரி 1 உடன் n-1 நாட்களைக் கூட்டினால் ஆண்டின் n ஆவது நாள் கிடைக்கும். ஆனால் பைதன் மொழியின் நாட்காட்டி, சாதாரண ஆண்டில் பெப்ரவரிக்கு 28 நாட்கள் என்றே கொள்ளும். எனவே 1993 இன் 172 ஆவது நாளை அது ஜூன் 21 எனத் தரும். அட்டையிலுள்ளது ஜூன் 20. ஒரு நாள் பிழை. நெட்டாண்டுகளில் பிழை வராது. சாதாரண ஆண்டுகளிலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் பிறந்தோருக்குப் பிழை வராது. சாதாரண ஆண்டில் மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரையான 306 நாட்களில் பிறந்த அனைவருக்கும் ஒரு நாள் பிந்திய திகதியே கிடைக்கும்.

இவ்வளவு பேரைப் பாதிக்கும் வழு குழுவின் சோதனையில் எப்படித் தப்பியது? குழு சோதிக்காமல் விடவில்லை. இருபது இலக்கங்களை உள்ளிட்டுச் சோதித்ததாக அறிக்கையில் உள்ளது. ஆனால் திரையில் தோன்றுவது பிறந்த திகதி அன்று, வயது. "வயது 19" எனத் திரை காட்டியது. உரியவருக்கு வயது 19. "சரி" எனக் குறித்துக்கொண்டனர். ஒரு நாள் பிழை வயதை மாற்றுவது, உரியவரின் பிறந்த நாளன்றே சோதித்தால் மட்டும். இருபது பேரில் ஒருவருக்குக்கூட அன்று பிறந்த நாளாக இருந்திராது.

இரண்டாவது காரணம் இதனிலும் முக்கியமானது. அறிக்கையின் சோதனை அட்டவணையில் "எதிர்பார்க்கும் விளைவு" என்னும் நிரலை, சோதனை முடிந்தபின் திரையைப் பார்த்தே நிரப்பியிருந்தனர். அப்படி நிரப்பினால் எந்தச் சோதனையும் தோல்வியடையாது. எதிர்பார்க்கும் விளைவு செய்நிரலுக்கு வெளியே உள்ள ஓரிடத்திலிருந்து வர வேண்டும். எமது புலத்துக்கு அவ்விடம் மிக அருகிலேயே உள்ளது. அடையாள அட்டையில் பிறந்த திகதி அச்சிடப்பட்டிருக்கிறது. குழுவினர் நால்வரும் தத்தம் அட்டையை எடுத்து, முறைமை கணித்த திகதியை அச்சிட்ட திகதியுடன் ஒப்பிட்டிருந்தால், பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடங்களில் வழு அகப்பட்டிருக்கும்.

"பெரும்பாலும்" என்று கூறக் காரணம் உண்டு. நால்வரும் 2004 அல்லது 2008 இல் பிறந்தவர்களாயின் அவை நெட்டாண்டுகள். ஒப்பிட்டாலும் வழு வெளிப்படாது. கைக்குக் கிடைத்த தரவைக் கொண்டு சோதிப்பதிலுள்ள குறை இது. தரவை நாமே தெரிவு செய்ய வேண்டும். எல்லைப் பெறுமானப் பகுப்பாய்வு எனப் பாடநூலில் படிப்பது இதற்காகவே. விதி எங்கே மாறுகிறதோ அவ்விடத்துக்கு முன்னும், அவ்விடத்திலும், பின்னும் பெறுமானங்களை எடுக்க வேண்டும். எமக்கு விதி மாறும் இடங்கள் பெப்ரவரி இறுதியும் ஆண்டின் இறுதியும். நெட்டாண்டு ஒன்றும் சாதாரண ஆண்டு ஒன்றும் தேவை. 2004 ஐயும் 2005 ஐயும் எடுப்போம்.

| நாள் எண் | 2004: எதிர்பார்ப்பது | 2005: எதிர்பார்ப்பது | 2005: குழுவின் செய்நிரல் தந்தது |
|---|---|---|---|
| 059 | பெப்ரவரி 28 | பெப்ரவரி 28 | பெப்ரவரி 28 |
| 060 | பெப்ரவரி 29 | ஏற்கக்கூடாது | மார்ச் 1 |
| 061 | மார்ச் 1 | மார்ச் 1 | மார்ச் 2 |
| 366 | டிசம்பர் 31 | டிசம்பர் 31 | 2006 ஜனவரி 1 |

இறுதி வரிசையை உற்று நோக்குக. 2005.12.31 இல் பிறந்த ஒருவரை முறைமை 2006.01.01 இல் பிறந்தவராகக் காட்டுகிறது. விதிப்படி அவர் திறந்த பிரிவுக்கு உரியவர். முறைமை அவரை 20 வயதுக்குட்பட்டோர் பிரிவில் சேர்த்துவிடும். அவர் வென்றால், தோற்றவரின் பயிற்றுநர் அட்டையைக் காட்டி ஆட்சேபனை தெரிவிப்பார். பதக்கம் திருப்பிப் பெறப்படும். ஒரு நாள் பிழை என்று தட்டிக்கழிக்க முடியாத இடம் இது. "ஒரு நாள் வித்தியாசம்தானே, சேர்" என்று செய்துகாட்டலில் கூறிப் புள்ளிகளை இழப்போர் உண்டு. பிழை எவ்வளவு சிறியது என்பதை வைத்து அதன் பாரதூரத்தை மதிப்பிட முடியாது. அது எந்த முடிவைத் தீர்மானிக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

இவற்றுடன் 000, 367, 500, 501, 866, 867 ஆகிய எண்களையும் சோதிக்க வேண்டும். இவற்றுள் 501 உம் 866 உம் மட்டுமே ஏற்கப்பட வேண்டியவை. ஏன் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

திருத்திய செய்நிரல் வருமாறு:

```python
# NIC day numbers count 29 days for
# February in EVERY year. Do not "fix".
DAYS = [31, 29, 31, 30, 31, 30,
        31, 31, 30, 31, 30, 31]

def birth_date(year, n):
    if n > 500:
        n = n - 500
    month = 1
    for d in DAYS:
        if n <= d:
            return date(year, month, n)
        n = n - d
        month = month + 1
    raise ValueError("day number")
```

ஒவ்வொரு மாதத்தின் நாட்களையும் வரிசையாகக் கழித்துச் செல்கிறது. 2005 உடன் 060 ஐக் கொடுத்தால் `date(2005, 2, 29)` என்னும் அழைப்பு நிகழும். அப்படி ஒரு திகதி இல்லாமையால் பைதன் தானே `ValueError` தரும். 000 கொடுத்தாலும் அவ்வாறே. 367 முதல் 500 வரையும், 867 இலிருந்தும் உள்ள எண்கள் சுற்றின் இறுதிவரை சென்று கடைசிக் கூற்றில் நிராகரிக்கப்படும்.

பரீட்சகர் இங்கே வெண்பெட்டிச் சோதனை, கரும்பெட்டிச் சோதனை ஆகியவற்றின் வேறுபாட்டைக் கேட்கக்கூடும். மேலுள்ள அட்டவணை கரும்பெட்டிச் சோதனைக்குரியது. செய்நிரலைக் காணாமலே, இலக்கத்தின் விதியை மட்டும் அறிந்து அதை எழுதலாம். சுற்றின் இறுதிக் கூற்றை எந்தப் பெறுமானம் சென்றடையும் எனத் தேடிச் சோதிப்பது வெண்பெட்டிச் சோதனை. வரைவிலக்கணத்தை மனனம் செய்து ஒப்புவிப்பதைவிட, உமது முறைமையிலிருந்தே இவ்வாறு உதாரணம் காட்டுவது நன்று.

வினா 3: ஒருவர் மூன்று நிகழ்ச்சிகளுக்கு மேல் பதிவு செய்ய முடியாது என்கிறீர். இப்போது நான் நான்காவதைப் பதிவு செய்து காட்டட்டுமா?

இது சங்கடமான வினா. பரீட்சகர் 931720000V எனத் தட்டச்சு செய்து மூன்று நிகழ்ச்சிகளைப் பதிவார். பின்பு 199317200000 எனத் தட்டச்சு செய்து மேலும் மூன்றைப் பதிவார். முறைமை மறுப்பின்றி ஏற்கும். இரண்டும் ஒரே ஆளைக் குறிப்பன. பழைய அட்டை வைத்திருந்தவர் புதிய அட்டை பெற்றதும் அவரது இலக்கம் இவ்வாறு நீட்டி எழுதப்படுகிறது. முன்னால் 19 சேர்க்கப்படும். நாள் எண்ணுக்குப் பின் ஒரு 0 சேர்க்கப்படும். எழுத்து நீக்கப்படும்.

இதனைத் தரவுத்தளத்தில் முதன்மைச் சாவியைச் சரியாக இட்டிருந்தாலும் தடுக்க முடியாது. தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு சரங்கள். தீர்வு, சேமிக்கும் முன்னரும் தேடும் முன்னரும் இலக்கத்தை ஒரே வடிவத்துக்குக் கொணர்வதாகும்:

```python
def normal(no):
    no = no.strip().upper()
    if len(no) == 10:
        no = ("19" + no[0:5]
              + "0" + no[5:9])
    return no
```

பழைய இலக்கத்துக்கு எப்போதும் 19 சேர்ப்பது சரியா என்று கேட்டால் தயங்க வேண்டியதில்லை. 2000 ஆம் ஆண்டில் பிறந்தோர் 16 வயதை எட்டியது 2016 இல். அவ்வாண்டிலேயே புதிய வடிவம் தொடங்கியது. இரண்டு இலக்க ஆண்டு 1900 ஐயும் 2000 ஐயும் வேறுபடுத்திக் காட்டமாட்டாது என்பதையும் சேர்த்துக் கூறுங்கள்.

இவ்வழு எந்த மாணவனின் தனிப்பட்ட பகுதியிலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பதிவுப் படிவம் எழுதியவர் இலக்கத்தைச் சரியாக ஏற்றார். எண்ணிக்கை விதி எழுதியவர் சரியாக எண்ணினார். அலகுச் சோதனைகள் இரண்டும் வெற்றி. இரண்டையும் இணைத்து, ஒரே ஆளை இரு விதமாக நுழையச் செய்து பார்க்கும் ஒருங்கிணைப்புச் சோதனையை எழுதுவது எவர் பொறுப்பு என்று குழு தீர்மானித்திருக்கவில்லை. வேலையைப் பகிரும்போது பகுதிகளை மட்டும் பகிர்ந்து, பகுதிகளுக்கு இடையிலுள்ளதை எவருக்கும் கொடுக்காது விடுவது குழுச் செயற்றிட்டங்களில் வழக்கமான குறை. பரீட்சகர் இவ்வாறான வினாவை முதலில் குழுத் தலைவரிடம் அன்றி, ஓரமாக நிற்பவரிடம் கேட்பார்.

வினா 4: இவ்விலக்கத்தின் வடிவம் மீண்டும் மாறினால் உமது முறைமையில் எத்தனை இடங்களைத் தொட வேண்டும்?

நீண்டகாலப் பேணல் பற்றிய வினாவுக்கு "எமது முறைமை இலகுவாகப் பேணக்கூடியது" என்பது விடையாகாது. இவ்வினா ஓர் எண்ணை விடையாகக் கேட்கிறது. எண்ணைக் கூற வேண்டும்; பின்னர் அதைக் காட்ட வேண்டும்.

2016 இல் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். அதுவரை எழுதப்பட்ட எந்த முறைமையிலும் இலக்கத்துக்குப் பத்து எழுத்துகளே போதுமாயிருந்தன. தரவுத்தளத்தில் `CHAR(10)` எனப் புலம் அமைத்தவர் அன்றைய தேவையைச் சரியாகவே நிறைவேற்றினார். வடிவம் மாறியபோது புலத்தின் நீளம், உள்ளீட்டுப் படிவத்தின் எல்லை, சரிபார்க்கும் செய்நிரல், அச்சிடும் அறிக்கையின் நிரல் அகலம், பிற முறைமைகளுக்கு அனுப்பும் கோப்பின் அமைப்பு என ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. ஒன்றைத் தவற விட்டால் இறுதி இரண்டு இலக்கங்கள் வெட்டப்பட்ட இலக்கங்கள் சேமிக்கப்படக்கூடும். செய்நிரல் நின்றுவிட்டால் உடனே தெரியும், இது அவ்வாறன்று. ஓசையின்றி நடக்கும், மாதங்கள் கழித்தே தெரியவரும். இவ்வாறு சூழல் மாறியதால் செய்யும் மாற்றம் இசைவாக்கற் பேணல் எனப்படும். முன்னர் பார்த்த ஒரு நாள் பிழையைத் திருத்துவது திருத்தற் பேணல்.

எமது குழு செய்துகாட்டலுக்கு முன் தன் கோப்புகளில் 10, 12 ஆகிய எண்களைத் தேடியது. இலக்கத்தின் நீளம் ஏழு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. பதிவுப் படிவத்தில், தேடல் திரையில், வயதுக் கணிப்பில், இரண்டு அறிக்கைகளில், தரவுத்தளத்தில், சான்றிதழ் அச்சிடும் பகுதியில். திருத்தியபின் `nic.py` என்னும் ஒரு கோப்பு மட்டுமே இலக்கத்தின் உள்ளமைப்பை அறியும். மற்றப் பகுதிகள் அதிலுள்ள சார்புகளை அழைக்கும். தரவுத்தளப் புலத்தின் நீளம் தனியே இருக்கும். எனவே விடை: இரண்டு இடங்கள். "ஒரே இடம்" எனப் பெருமையாகக் கூறி, தரவுத்தளத்தை மறந்துவிடுவோரைப் பரீட்சகர் உடனே பிடித்துவிடுவார்.

வினா 5: நீங்கள் நால்வரும் சென்றபின், ஒருவர் `DAYS` அட்டவணையில் பெப்ரவரிக்கு 29 இருப்பதைக் கண்டு "பிழை" எனத் திருத்திவிட்டால்?

மிக நல்ல வினா. எவரும் அதைத் திருத்தத்தான் எண்ணுவர். நெட்டாண்டு பற்றி அறிந்த, கவனமான செய்நிரலாளரே முதலில் திருத்துவார். செய்நிரலில் விசித்திரமாகத் தோன்றும் ஓர் எண், சில வேளைகளில் வழு. சில வேளைகளில் வெளியுலகின் ஒரு விதி. பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

அதற்காகவே மேலே ஒரு குறிப்புரை இடப்பட்டுள்ளது. அக்குறிப்புரை செய்நிரல் என்ன செய்கிறது எனக் கூறவில்லை. அதை வாசித்தே அறியலாம். ஏன் அவ்வாறு செய்கிறது எனக் கூறுகிறது. மாணவர் செய்நிரல்களில் "மாதத்தை ஒன்றால் கூட்டுகிறோம்" போன்ற குறிப்புரைகள் நிறைய உண்டு. 29 இன் காரணத்தை எழுதியவரைக் காண்பது அரிது.

குறிப்புரையை வாசிக்காமலும் திருத்தலாம். எனவே இரண்டாவது காவல் தேவை:

```python
assert birth_date(2005, 366) == date(2005, 12, 31)
assert birth_date(2005, 61) == date(2005, 3, 1)
```

29 ஐ 28 ஆக மாற்றியவர் இச்சோதனைகளை இயக்கிய கணத்தில் இரண்டும் தோல்வியடையும். 28 உடன் 61 ஆவது நாள் மார்ச் 2 ஆகிவிடும்; 366 ஆவது நாள் அட்டவணையின் இறுதியைத் தாண்டிவிடும். அப்போது அவர் நின்று, குறிப்புரையை வாசிப்பார். சோதனைக் கோப்பைச் செயற்றிட்டத்துடன் கையளிக்காமல், புள்ளிகள் கிடைத்ததும் அழித்துவிடும் குழுக்கள் இந்தக் காவலை இழக்கின்றன. கையளிக்கும் பொதியில் மூன்று இருக்க வேண்டும்: செய்நிரல், சோதனைகள், அவற்றை எவ்வாறு இயக்குவது எனக் கூறும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தைக் குழுவில் இல்லாத ஒரு நண்பரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறவாமல் இருந்து, அவரால் இயக்க முடிகிறதா எனப் பார்க்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. உமது நண்பர் அட்டை இலக்கத்திலிருந்து கணித்த பிறந்த திகதிக்குப் பதிலாக, திகதியையும் தனியே தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிடலாம் என்கிறார். இதன் ஒரு நன்மையையும் ஒரு தீமையையும் தருக. குழுவின் பழைய கூற்றுடன் இம்முறையைப் பயன்படுத்தியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?

2. 10 வயதுக்குட்பட்ட சிறுவர் ஓட்டம் ஒன்றைச் சேர்க்க உத்தியோகத்தர் விரும்புகிறார். சிறுவரிடம் அடையாள அட்டை இல்லை. இலக்கத்தை முதன்மைச் சாவியாகக் கொண்ட தரவுத்தளத்தில் இதனால் எழும் பிரச்சினையை விளக்கி, மாற்று வடிவமைப்பு ஒன்றைத் தருக.

3. புதிய இலக்கம் ஒன்றில் நாள் எண் 561, ஆண்டு 2007. பிறந்த திகதியையும் பாலையும் காண்க.

4. `normal` என்னும் சார்பு, "93172ABCDV" என்னும் உள்ளீட்டுக்கு எதைத் திருப்பித் தரும்? இதைத் தடுக்கும் சரிபார்ப்பு எங்கே இடம்பெற வேண்டும்?

விடைக் குறிப்புகள்

1. நன்மை: தட்டச்சுப் பிழைகள் உடனே வெளிப்படும். தீமை: வரிசையில் நிற்போருக்கு நேரம் கூடும். பழைய கூற்றுடன் பயன்படுத்தியிருந்தால் முறைமை உண்மையான போட்டியாளர் பலரை முதல் நாளிலேயே மறுத்திருக்கும். குழுவுக்கு அது தொல்லையாக இருப்பினும் வழு அன்றே அகப்பட்டிருக்கும்.

2. இலக்கம் இல்லாதவருக்குப் பதிவே உருவாக்க முடியாது. முறைமை தானே வழங்கும் ஒரு போட்டியாளர் எண்ணை முதன்மைச் சாவியாக்கி, அடையாள அட்டை இலக்கத்தை வெறுமையாக விடக்கூடிய, ஆனால் இருவருக்கு ஒன்றாக இருக்க முடியாத புலமாக வைக்கலாம்.

3. 561 - 500 = 61. பெண். 2007.03.01. மார்ச் 2 என எழுதியவர்கள் பெப்ரவரியின் நாட்களை மீண்டும் எண்ணிப் பார்க்கவும்.

4. "19931720ABCD". ஒன்பது இடங்களும் இலக்கங்களா எனச் சரிபார்ப்பது `nic.py` இலேயே, வடிவம் மாற்றப்படுவதற்கு முன் இடம்பெற வேண்டும். பதிவுப் படிவத்தில் மட்டும் வைத்தால், தேடல் திரை வழியாகவோ கோப்பு வழியாகவோ வரும் இலக்கங்கள் சரிபார்க்கப்படாமல் உள்ளே செல்லும்.